பெயரைக் கடைசியில் எழுதும் கனிம அட்டவணை

கனிமங்கள் பற்றிய வகுப்பு எப்போதும் பெயரில்தான் தொடங்கும். "ஹார்ன்ப்ளெண்ட்: ஆம்ஃபிபோல் குழு, சிலிகேட், கடினத்தன்மை 5 முதல் 6, தூள் நிறம் வெளிறிய சாம்பல், நிறம் கருப்பு அல்லது கரும்பச்சை, இரண்டு திசைப் பிளவு, கோணம் 56 மற்றும் 124 பாகை" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போவார், நாம் எழுதிக்கொண்டே போவோம். பரீட்சைக்கு இது சரி, ஏனென்றால் கேள்வித்தாளிலும் பெயரைக் கொடுத்துத்தான் பண்பைக் கேட்பார்கள். களத்தில் கையில் இருப்பது பெயர் தெரியாத ஒரு கருப்புத் துணுக்கு. அதிலிருந்து பெயருக்குப் போக வேண்டும். வகுப்புக் குறிப்பை அப்படியே கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போனால், துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே படித்துப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். வெயிலில் நின்றுகொண்டு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

நான் பெங்களூரில் நிலத்தடி நீர் ஆய்வு வேலையில் இருக்கிறேன். சித்தி மகள் இங்கே ஒரு கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறாள். முதல் களப்பயணத்துக்கு முன்னால், கனிமங்கள் பற்றிய நீண்ட விரிவுரை ஒன்றின் குறிப்பைக் கொண்டுவந்து, "அக்கா, இதை ஒரு பக்கத்துல அடக்கித் தாங்களேன், கல்லைப் பாத்தா கண்டுபிடிக்கிற மாதிரி" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தோம். அப்புறம் அதையே எடுத்துக்கொண்டு நகரத்துக்குள்ளேயே கற்களைப் பார்த்துத் திருத்தினோம். அதில் எது வேலை செய்தது, எதற்காக எந்தக் கட்டத்தை மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசை. விரிவுரை வேதியியல் வகுப்புப்படி போகிறது: தனிமங்கள், சல்ஃபைடுகள், ஆக்சைடுகள், கார்பனேட்டுகள், கடைசியில் சிலிகேட்டுகள். நம் ஊர்ப் பக்கம் காலடியில் கிடப்பதில் பெரும்பகுதி சிலிகேட், அது கடைசியில் அவசர அவசரமாக முடிக்கப்பட்டிருந்தது. களத்தில் யாரும் வேதியியலைப் பார்ப்பதில்லை, மிளிர்வைத்தான் முதலில் பார்க்கிறோம். அதனால் பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம்: உலோகம் போல மிளிர்வது, அப்படி மிளிராதது. உலோகம் போல மிளிராததை மறுபடி இரண்டாக: கத்தி கீறுவது, கத்தி கீறாதது. இந்த மூன்று பெட்டிகளுக்குள் எல்லாக் கனிமமும் வந்துவிடும். நெடுவரிசைகளின் ஒழுங்கும் நாம் கையால் செய்யும் ஒழுங்குதான்: கடினத்தன்மை, மெருகு பூசாத பீங்கான் தட்டில் தேய்த்தால் விழும் தூளின் நிறம், குறிப்பிட்ட திசையில் தட்டையாக உடையும் பிளவு, அதன் பிறகு நிறம், பெயர் கடைசியில். நிறத்தை இவ்வளவு பின்னால் தள்ளியது அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை, கண்ணில் முதலில் படுவது அதுதானே என்றாள். கண்ணில் முதலில் படுவதால்தான் தள்ளினோம். நிறத்தைப் பார்த்ததும் மனம் ஒரு பெயரைச் சொல்லிவிடும், அதற்குப் பிறகு செய்யும் சோதனை எல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சி தேடுவதாக ஆகிவிடும்.

கடினத்தன்மைக் கட்டத்தில் எண்ணை எழுதாதீர்கள். மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படி அளவுகோல் அருமையானதுதான், ஆனால் களத்தில் 5.5 என்று காட்டும் கருவி எதுவும் நம்மிடம் கிடையாது. நம்மிடம் இருப்பது விரல் நகம், ஒரு கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு. நகம் ஏறக்குறைய 2.5, சாதாரணக் கத்தியும் கண்ணாடியும் ஏறக்குறைய 5.5. பாடப்புத்தகங்களில் மூன்றுக்குப் பக்கத்தில் செப்புக் காசு என்று இருக்கும். இன்று நம் பையில் இருக்கும் காசுகள் துருப்பிடிக்காத எஃகும் நிக்கல் பித்தளையும், அவற்றை வைத்து அந்தச் சோதனையைச் செய்தால் விடை தப்பாக வரும். வேண்டுமென்றால் எலக்ட்ரிகல் கடையில் தடித்த செப்புக் கம்பி ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆக, கட்டத்தில் எழுத வேண்டியது "நகம் கீறும்", "கத்தி எளிதில் கீறும்", "கத்தி கீறாது, இதுவே கண்ணாடியைக் கீறும்" என்ற மாதிரியான சோதனை முடிவு. எண்ணை வேண்டுமானால் ஓரத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் விரிவுரைக்கும் அட்டவணைக்கும் பெரிய இடைவெளி வருகிறது. ஹார்ன்ப்ளெண்ட் 5 முதல் 6 என்றால் அது கத்தியின் எல்லைக்கு இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் போகும். ஒரு பெட்டியில் மட்டும் போட்டால், அடுத்த பெட்டியில் தேடுகிறவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். எல்லையில் உட்கார்ந்திருக்கும் எல்லாவற்றையும் இரண்டு பெட்டியிலும் எழுதுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும், பரவாயில்லை. கயனைட் இதைவிடச் சுவாரசியமானது. நீல நிறத்தில் நீள நீளமான தகடாக இருக்கும் அதை நீளவாக்கில் கீறினால் கத்தி இறங்கும், குறுக்கே கீறினால் வழுக்கும். நீளவாக்கில் 4.5 முதல் 5, குறுக்கே 6.5 முதல் 7. விரிவுரைக் குறிப்பில் "4.5 முதல் 7 வரை" என்று ஒரே வரியில் இருந்தது. அப்படி எழுதினால் அது பயனில்லாத தகவல். "நீளவாக்கில் கத்தி கீறும், குறுக்கே கீறாது" என்று எழுதினால், அந்த ஒரு கட்டமே கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடும்.

கத்தியையும் சோதித்துக்கொள்ள வேண்டும், கத்திக்குக் கத்தி எஃகு மாறும். கல்லூரியின் மாதிரிப் பெட்டியில் அபடைட் இருக்கும், ஃபெல்ஸ்பார் இருக்கும். உங்கள் கத்தி அபடைட்டைக் கீற வேண்டும், ஃபெல்ஸ்பாரைக் கீறக் கூடாது. ஃபெல்ஸ்பாரையும் கீறினால் அந்தக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

கீறல் என்று நாம் நினைப்பது பல சமயம் கீறலாக இருப்பதில்லை. கடினமான கல்லின் மேல் கத்தியை இழுத்தால் கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்டி, சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கோடு விழும். எச்சில் தொட்ட விரலால் துடைத்துவிட்டு நகத்தை அந்த இடத்தில் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளம் நகத்தில் தட்டினால் கீறல், தட்டாவிட்டால் கத்திதான் தேய்ந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் திருப்பிச் செய்யுங்கள்: கல்லின் கூர்மையான ஓரத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் அழுத்தி இழுங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யாமல், தட்டையான இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

பெங்களூரில் இன்னொரு பிரச்சினை, இங்கே மேலாகக் கிடைக்கும் கல்லில் பெரும்பாலானது மக்கிப்போனது. போர்வெல் தோண்டும்போது முதலில் வரும் செம்மண்ணுக்குக் கீழே, கல்லின் வடிவம் அப்படியே இருக்கும், வரிகள்கூடத் தெரியும், ஆனால் கையில் எடுத்துப் பிசைந்தால் உதிரும். அதில் ஃபெல்ஸ்பார் இருந்த இடத்தில் இப்போது இருப்பது வெள்ளைக் களிமண். அதைக் கத்தியால் கீறிவிட்டு "மென்மையானது" என்று பெட்டியில் போட்டால் பாதை முழுக்க மாறிவிடும். அட்டவணையின் தலைப்புக்கு மேலேயே "உடைத்த புது முகத்தில் மட்டும்" என்று எழுதி வைத்தோம்.

புது முகம் எங்கே கிடைக்கும் என்றால், கட்டிடம் கட்டும் இடத்தில் கொட்டி வைத்திருக்கும் ஜல்லிக் குவியலில். நகரத்தைச் சுற்றியுள்ள குவாரிகளில் உடைபட்டு வருவது, ஒவ்வொரு கல்லிலும் எல்லாப் பக்கமும் புது முகம்தான். லால்பாக் பாறை கண்ணுக்கு அற்புதமான பாடம், சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், அதாவது வரி வரியான பாறை அது. ஆனால் தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது, அதில் சுத்தியும் வைக்கக் கூடாது, கத்தியும் வைக்கக் கூடாது. அங்கே வரிகளைப் பார்த்துக்கொள்ளலாம், சோதனைக்கு ஜல்லி. நாங்கள் போன இடத்தில் வாட்ச்மேன் தர்மபுரிக்காரர். "அண்ணா, நாலு கல்லு எடுத்துக்கலாமா?" என்றதற்கு, "லாரி லோடா வேணும்னாதாம்மா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெரிய கல்லாக அவரே பொறுக்கியும் தந்தார்.

அதில் ஒரு கல்லை மட்டும் எடுத்து விவரமாகச் சொல்கிறேன், அட்டவணையை உண்மையில் சோதித்தது அதுதான். உள்ளங்கை அளவு. வெள்ளையும் சாம்பலுமாக வரி வரியாக இருந்தது, வரிகளுக்கு இடையில் கருப்புப் புள்ளிகள் கோடாக ஓடின. ஒரு ஓரத்தில், வரிகளை வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு, அதில் மட்டும் பரல்கள் பெரிது பெரிதாக, நடுவே கருப்புக் குச்சிகள். என் தங்கை தன் நோட்டில் முதலில் எழுதியது "கருப்பு: பயோடைட்". விரிவுரையில் நைஸ் என்றால் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பயோடைட் என்று வந்திருந்தது, அதனால் கருப்பு எல்லாம் பயோடைட் ஆகிவிட்டது. சரி, இப்போது அட்டவணைப்படி போவோம் என்றேன்.

முதலில் நூலில் கட்டிய ஒரு சின்னக் காந்தம். அதைக் கல்லின் மேல் மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் லேசாக இழுபட்டு ஒட்டியது. லென்ஸில் பார்த்தால் கடுகைவிடச் சிறிய ஒரு கருப்புப் பரல், எஃகு மாதிரி மிளிர்கிறது, தட்டையான பிளவு எதுவும் இல்லை. மேக்னடைட். இவ்வளவு சின்னதில் தூள் நிறம் பார்க்க முடியாது, பார்க்கத் தேவையும் இல்லை, காந்தம் போதும்.

அடுத்து, கோடாக ஓடிய புள்ளிகளில் பளிச்சென்று மின்னுவதை எடுத்தோம். பரல் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது கத்தி முனை பக்கத்துப் பரலையும் சேர்த்துக் கீறிவிடும், அதனால் தடித்த தையல் ஊசி. ஊசி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பியதும் அது கீறப்படவில்லை, உரிந்தது. மெல்லிய ஏடு, வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரிந்தது, ஊசியால் வளைத்து விட்டால் திரும்ப நிமிர்ந்தது. ஒரே திசையில் அவ்வளவு சுத்தமாகப் பிளவது, வளைத்தால் நிமிர்வது, இரண்டும் சேர்ந்தால் மைக்கா, கருப்பாக இருப்பதால் பயோடைட். குளோரைட்டும் இப்படி உரியும், ஆனால் பச்சையாக இருக்கும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். மக்கிய கல்லில் இதே பயோடைட் தங்க நிறத்துக்கு மாறி, தண்ணீர் ஓடிய மணலில் காக்காப்பொன்னாகப் பளபளக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்து தங்கமா என்று கேட்கிறவர்களை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன், ஊசியால் நெம்பி ஏடு உரிவதைக் காட்டினால் போதும்.

அதே கோட்டில் பக்கத்திலேயே இருந்த இன்னொரு கருப்பு உரியவே இல்லை. ஊசி ஒரு மங்கலான தடம் போட்டது, அழுத்தினால் சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. இதுதான் கத்தியின் எல்லையில் இருக்கும் ஆள். இங்கே பிளவுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். கல்லை வெயிலில் மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் பரலின் ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சிடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது அணைந்து வேறொரு பகுதி பளிச்சிடும். அதுவே இரண்டு திசைப் பிளவு. லென்ஸில் அந்தப் பளிச்சிடும் பகுதி ஒரே தளமாக இருப்பதில்லை, படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று இணையான சின்னச் சின்னத் தளங்கள், அத்தனையும் ஒன்றாக மின்னும். படிக முகம் என்றால் இப்படித் திரும்பத் திரும்ப வராது, உடைத்தால் போய்விடும். பிளவு உடைக்க உடைக்கப் புதிதாக வரும்.

கோணம் பார்க்க ஒரு எளிய வழி: அட்டவணை அட்டையின் ஒரு மூலை 90 பாகை, அது தானாகவே இருக்கிறது. இன்னொரு மூலையை 120 பாகைக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஹார்ன்ப்ளெண்ட்டின் 124 அதற்குப் பக்கத்தில் வரும், ஆஜைட் போன்ற பைராக்சீன்களின் 87, 93 செங்கோண மூலைக்குப் பொருந்தும். ஆனால் ஒன்று, பரலை அதன் நீளவாக்கின் முனையிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கோணம் உண்மையானது. கல்லில் பரல்கள் எப்படி எப்படியோ வெட்டுப்பட்டிருக்கும், சாய்வாக வெட்டுப்பட்ட பரலில் இரண்டு பிளவுக்கு இடையே எந்தக் கோணமும் தெரியலாம். அதனால் ஒரே ஒரு பரலில் அளந்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. முனை தெரியும்படி நிற்கும் பரலைத் தேட வேண்டும். எங்கள் கல்லில் ஓரத்தில் அப்படி ஒன்று கிடைத்தது, விரிந்த கோணம் அட்டையின் வெட்டிய மூலையோடு ஒத்துப்போனது. ஹார்ன்ப்ளெண்ட்.

கடைசியாக வெள்ளை நரம்பில் இருந்த குச்சிகள். ஊசி வழுக்கியது, கத்தியும் வழுக்கியது, கத்தியின் சாம்பல் தடம்தான் மேலே விழுந்தது. குச்சியின் உடைந்த முனை கண்ணாடியை நன்றாகவே கீறியது. வெயிலில் எப்படித் திருப்பினாலும் படிக்கட்டு மின்னல் இல்லை, உடைந்த இடம் நிலக்கரி உடைந்தது போல ஒழுங்கற்று இருந்தது. பக்கங்களில் நீளவாக்கில் நெருக்கமான வரிப்பள்ளங்கள், முனையில் பார்த்தால் ஓரங்கள் உப்பிய முக்கோணம். டூர்மலின். ஆக "கருப்பு: பயோடைட்" என்று ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய கல்லில் நாலு கருப்புகள் இருந்தன. நாலையும் பிரித்ததில் நிறத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

அதற்குப் பிறகு அட்டவணையில் கருப்புக்கு என்றே ஒரு தனிப் பகுதி போட்டோம். அது இப்படி இருக்கிறது:

| மிளிர்வு | ஊசி, கத்தி | தூள் நிறம் | பிளவு | புது முகத்தில் நிறம் | பெயர் |
|---|---|---|---|---|---|
| கண்ணாடி போல, முத்துப் போல | எளிதில் கீறும், ஏடாக உரியும் | வெளிறியது | ஒரு திசை, மிகச் சுத்தம் | கருப்பு, கரும்பழுப்பு | பயோடைட் |
| கண்ணாடி போல | அரைகுறையாகக் கீறும் அல்லது கீறாது | வெளிறிய சாம்பல் | இரண்டு திசை, சுமார் 56, 124 | கருப்பு, கரும்பச்சை | ஹார்ன்ப்ளெண்ட் |
| கண்ணாடி போல, மங்கல் | அரைகுறை அல்லது கீறாது | வெளிறிய பச்சைச் சாம்பல் | இரண்டு திசை, ஏறக்குறைய செங்கோணம் | கருப்பு, கரும்பச்சை | ஆஜைட் |
| கண்ணாடி போல | கீறாது | தட்டைக் கீறிவிடும் | இல்லை | கருப்பு | டூர்மலின் |
| உலோகம் போல | பெரும்பாலும் கீறாது | கருப்பு | இல்லை, காந்தம் இழுக்கும் | கருப்பு | மேக்னடைட் |
| உலோகம் போல, அல்லது மண் போல | மாதிரிக்கு மாதிரி மாறும் | செம்பழுப்பு | இல்லை | எஃகுச் சாம்பல் முதல் சிவப்பு வரை | ஹெமடைட் |

டூர்மலின் வரிசையில் தூள் நிறக் கட்டத்தைப் பாருங்கள். விரிவுரையில் "வெள்ளை" என்று இருந்தது, குவார்ட்ஸுக்கும் அப்படியே. மெருகு பூசாத பீங்கான் தட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7-க்குள். அதைவிடக் கடினமான கனிமத்தைத் தட்டில் தேய்த்தால் தேய்வது தட்டுதான், விழும் வெள்ளைத் தூளும் தட்டினுடையதுதான். அந்தக் கட்டத்தில் "வெள்ளை" என்று எழுதினால் மாணவர் அதைக் கனிமத்தின் பண்பாக நினைத்துக்கொள்வார். "தட்டைக் கீறிவிடும்" என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும், கடினத்தன்மைக்கு இன்னொரு சான்றாகவும் ஆகும்.

தட்டு கிடைக்காதவர்கள் ஊறுகாய் ஜாடியின் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம், தரையில் உட்காரும் அந்த வளையத்தில் மெருகு இருக்காது. டைல்ஸ் துண்டின் பின்பக்கமும் ஆகும், ஆனால் வெள்ளை உடம்பு உள்ள டைல்ஸாக இருக்க வேண்டும். சிவப்பு மண்ணில் செய்ததில் ஹெமடைட்டின் கோடே தெரியாது.

தூள் நிறம் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலிகேட்டுகளில் அது பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிறிய ஏதோ ஒன்று, அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. உலோகம் போல மிளிரும் பெட்டியில்தான் அது உயிர். ஹெமடைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சண்டூர்ப் பக்கத்து இரும்புத் தாது ஒரு துண்டு எஃகு மாதிரி பளபளக்கும், இன்னொரு துண்டு செங்கல் பொடி மாதிரி விரலில் ஒட்டும். முதலாவதைக் கத்தி கீறாது, இரண்டாவதை நகமே கீறும். நிறம், மிளிர்வு, கடினத்தன்மை மூன்றும் மாறிவிட்டன. இரண்டையும் தட்டில் இழுத்தால் இரண்டிலும் விழுவது ஒரே செம்பழுப்புக் கோடு. சேலம் கஞ்சமலைத் தாது பார்வைக்கு முதல் துண்டைப் போலவே கருப்பாக இருக்கும், தட்டில் கோடு கருப்பு, காந்தமும் ஒட்டும், அது மேக்னடைட். பைரைட்டுக்கும் இதே கதைதான்: கட்டி பித்தளை மஞ்சள், கோடு பச்சை கலந்த கருப்பு. தங்கம் என்றால் கோடும் தங்க நிறமாகவே விழும். அதனால் உலோகப் பெட்டியில் மட்டும் தூள் நிறத்தை முதல் நெடுவரிசைக்குக் கொண்டுவந்து, கடினத்தன்மையை அதற்குப் பின்னால் வைத்தோம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே வரிசை ஒழுங்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பிளவுக் கட்டத்தில் விரிவுரைகள் செய்யும் ஒரு சுருக்கத்தையும் பிரித்து எழுத வேண்டியிருந்தது. "நிறைவான பிளவு" என்று குறிப்பில் இருக்கும், அது எவ்வளவு சுத்தமாகப் பிளக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை திசை, எந்தக் கோணம் என்பது வேறு. மைக்காவுக்கும் கால்சைட்டுக்கும் இரண்டுக்கும் நிறைவான பிளவுதான், ஒன்று ஒரே திசையில் ஏடாகப் போகும், மற்றது மூன்று திசையில் சாய்ந்த பெட்டியாக உடையும். களத்தில் முதலில் எண்ண முடிவது திசைதான், அதனால் திசை எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள். குறிப்பில் எண்ணிக்கை இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், நல்ல கனிமவியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நிறக் கட்டத்தைப் பல வரிசைகளில் "எந்த நிறமும்" என்றே விட்டோம். குவார்ட்ஸ், கால்சைட், ஃப்ளோரைட், கொரண்டம் எல்லாம் அந்த ரகம். ஃபெல்ஸ்பாரில் மட்டும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. இளஞ்சிவப்பு என்றால் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், வெள்ளை என்றால் பிளாஜியோகிளேஸ் என்று விரிவுரையில் சொல்லியிருந்தார்கள். ராமநகரம் பக்கத்துக் கிரானைட்டில் பெரிய பெரிய இளஞ்சிவப்புப் படிகங்களைப் பார்த்தவர்களுக்கு அது சரி என்றுதான் தோன்றும், அங்கே அது பெரும்பாலும் சரியாகவும் வரும். ஆனால் வெள்ளையான பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் உண்டு, சிவந்த பிளாஜியோகிளேஸும் உண்டு. நிறத்துக்குப் பதில் பிளவுத்தளத்தை லென்ஸில் பாருங்கள். வெளிச்சம் சாய்வாகப் படும்போது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான, மெல்லிய, நெருக்கமான கோடுகள் தெரிந்தால் பிளாஜியோகிளேஸ். அலை அலையாக, ஒழுங்கில்லாத வெளிறிய இழைகள் தெரிந்தால் அது பொட்டாசியம் ஃபெல்ஸ்பாருக்குள் பிரிந்து நிற்கும் சோடியம் ஃபெல்ஸ்பார், அதை இந்தக் கோடுகளோடு சேர்க்கக் கூடாது. எங்கள் ஜல்லிக் கல்லின் வெள்ளை வரியில் நேர்கோடுகள் தெளிவாகவே தெரிந்தன. கோடு தெரியாவிட்டால் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் என்று எழுதிவிட முடியாது, வெளிச்சம் சரியான கோணத்தில் விழாமலும் இருக்கலாம், "ஃபெல்ஸ்பார்" என்று மட்டும் எழுதி நிறுத்துவது நல்லது.

குவார்ட்ஸுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் பிரச்சினையே இல்லை, இரண்டையும் கத்தி கீறாது என்றாலும் ஒன்றில் மின்னும் படிக்கட்டு உண்டு, மற்றது சங்கின் உள்பக்கம் போல வளைந்து உடைந்திருக்கும்.

இந்த அட்டவணை ஓரிடத்தில் நிச்சயமாக நின்றுவிடும். ஜிகணிப் பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளில் கருப்புக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி கிரானைட்டே இல்லை, டாலரைட். பைராக்சீனும் பிளாஜியோகிளேஸும் சேர்ந்தது. ஒரு ஓரத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து அவள் எல்லாச் சோதனையும் செய்தாள். கத்தி கீறவில்லை, காந்தம் லேசாக இழுத்தது, தூள் சாம்பல், பிளவு கண்ணுக்குத் தெரியவில்லை. அட்டவணைப்படி எந்த வரிசையிலும் முழுதாகப் பொருந்தவில்லை. காரணம் எளிது, அட்டவணை ஒரு கனிமத்தின் பண்பைச் சொல்கிறது, அவள் சோதித்தது பல கனிமப் பரல்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு பாறையை. கீறலும் தூளும் எல்லாப் பரல்களின் கலவையாக வருகின்றன. லென்ஸில் தனித்தனிப் பரலாகப் பிரித்துப் பார்க்க முடிகிற அளவு பெரிதாக இருந்தால்தான் இந்த நெடுவரிசைகளுக்குப் பொருள் உண்டு. அதைவிட நுண்ணியதாக இருந்தால் நோட்டில் "நுண்பரல் பாறை, கருப்பு, கனமானது, காந்தம் லேசாக இழுக்கிறது" என்று பார்த்ததை மட்டும் எழுதி, துண்டில் எண் போட்டுப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்கும்போது மீதியைப் பார்க்கலாம். அதற்காக அட்டவணையின் அடியில் பெயர் கட்டம் இல்லாத வெற்று வரிசைகள் சில விட்டிருக்கிறோம்.